நடுவில் மூன்று பக்கங்கள் மட்டும் லேண்ட்ஸ்கேப்

அச்சு இயந்திரத்தின் ட்ரேயில் லேண்ட்ஸ்கேப் தாள் என்று தனியாக எதுவும் இல்லை. நூறு பக்க ஆவணத்தில் மூன்று பக்கங்கள் மட்டும் அகலவாக்கில் இருந்தாலும், நூறு தாளும் ஒரே திசையில்தான் உள்ளே போகின்றன, ஒரே திசையில்தான் வெளியே வருகின்றன. அந்த மூன்று பக்கங்களின் எழுத்து மட்டும் தாளில் பக்கவாட்டில் படுத்திருக்கும். அப்படியானால் அதன் தலை இடது ஓரத்தைப் பார்க்க வேண்டுமா, வலது ஓரத்தையா? இந்த முடிவை யார் எடுப்பது? திரையில் பார்க்கும்போது இந்தக் கேள்வியே எழாது. அங்கே பக்கம் அழகாக அகலமாக நிற்கிறது. தாளுக்குப் போகும் வழியில்தான் யாரோ ஒருவர் அதைத் திருப்பியாக வேண்டும். நாம் திருப்பாவிட்டால் பிரிண்டர் டிரைவர் தன் வழக்கப்படி திருப்பிவிடும். சில டிரைவர்கள் இடப்பக்கமாகத் திருப்பும், சில வலப்பக்கமாக. இரண்டுமே அவற்றுக்குச் சரிதான்.

சித்தி மகள் தன் ஆய்வறிக்கையை எனக்கு அனுப்பியபோது சொன்னதும் இதுதான்: "அண்ணா, கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. வீட்டுல எடுத்தா டேபிள் ஒரு பக்கமா வருது, வெளியில எடுத்தா அதுவே தலைமாறி வருது." ஃபைலில் பிழை எதுவும் இல்லை. இரண்டு டிரைவர்கள் இரண்டு விதமாகத் திருப்பியிருந்தன, அவ்வளவுதான். அவளுடைய ஃபைலையே எடுத்துக்கொண்டு, வேர்டிலிருந்து தாள் வரைக்கும் என்ன செய்தோம் என்று எழுதுகிறேன். ஒன்பது நெடுவரிசைகள் கொண்ட ஓர் அட்டவணை. அறிக்கையின் 24, 25, 26 ஆம் பக்கங்களில் வருகிறது. ஏ4 தாள், இடப்பக்கம் பைண்டிங், அதற்காக இடது மார்ஜின் 38 மில்லிமீட்டர், மற்ற மூன்று பக்கமும் 25.

முதலில், திருப்புவதால் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடலாம். நேராக நிற்கும் பக்கத்தில் 210 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 38, 25 போக எழுத்துக்கு 147 மில்லிமீட்டர் மிஞ்சும். ஒன்பது நெடுவரிசைகளுக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதினாறு மில்லிமீட்டர், ஒரு நீளமான தமிழ்ச் சொல்கூட உடையாமல் உட்காராது. குறுக்கே திருப்பினால் 297இல் இருபுறமும் 25 போக 247 மில்லிமீட்டர் கிடைக்கும், நெடுவரிசைக்கு இருபத்தேழு. எழுத்தைச் சின்னதாக்கி அட்டவணையைத் திணிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அட்டவணையில் ஐந்து நெடுவரிசைகள்தான் இருக்கின்றன என்றால் திருப்பாதீர்கள். படிப்பவர் கையிலிருக்கும் கனமான அறிக்கையை ஒவ்வொரு முறையும் சுழற்ற வேண்டியிருக்கும். அதற்குத் தகுந்த காரணம் வேண்டும்.

வேர்டில் பக்கத்துக்கென்று தனியாகத் திசை கிடையாது, செக்ஷனுக்குத்தான் உண்டு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். அட்டவணைத் தலைப்புக்கு முன்னால் கர்சரை வைத்து Layout, Breaks, Next Page. அட்டவணை முடிந்ததும் அடுத்த பத்தியின் தொடக்கத்தில் மறுபடி அதே Next Page. இப்போது ஆவணத்தின் இந்தப் பகுதி மூன்று செக்ஷன்களாகிவிட்டது. நடுச் செக்ஷனுக்குள் கர்சர் இருக்கும்போது Layout, Orientation, Landscape கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் திரும்பும். அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, Page Setup பெட்டியில் Apply to என்ற இடத்தில் Selected text கொடுக்கும் குறுக்குவழியும் உண்டு. பிரேக்குகளை வேர்டே போட்டுக்கொள்ளும். ஆனால் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பு வரி விடுபட்டால் அது முந்தைய பக்கத்தின் அடியில் தனியாகத் தங்கிவிடும். அதனால் பிரேக்கைக் கையால் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

Ctrl+Shift+8 அழுத்தி மறைகுறிகளைத் தெரியவைத்துக்கொள்ளுங்கள். Section Break (Next Page) என்ற கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டால் இந்த வேலையில் பாதி, இருட்டில் தடவுவதுதான். அந்தக் கோடு தனக்கு மேலே இருக்கும் பகுதியின் அமைப்பைத் தன்னுள் வைத்திருக்கிறது. அதை அழித்தால், மேலே இருந்த பகுதி கீழே இருக்கும் செக்ஷனின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். "ஒரு பிரேக்கை அழிச்சேன், அதுக்கு முன்னாடி இருந்த அத்தியாயம் முழுக்கப் படுத்துக்கிச்சு" என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். உடனே Ctrl+Z அழுத்திவிட்டு, எந்தக் கோடு எந்தப் பகுதிக்குச் சொந்தம் என்று பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

இன்னொரு தொல்லை, அட்டவணைக்குப் பின் முளைக்கும் வெற்றுப் பக்கம். வேர்டில் அட்டவணைக்குப் பிறகு ஒரு பத்திக்குறி இருந்தே தீர வேண்டும், அதை அழிக்க முடியாது. அட்டவணை பக்கத்தின் அடிவரை நிறைந்திருந்தால் அந்தக் குறிக்கு இடமில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும், பிரேக்கும் அதோடு போகும். விளைவு, ஒன்றுமில்லாத ஒரு லேண்ட்ஸ்கேப் பக்கம். அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 1 ஆக்கி, பத்திக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைச் சுழியமாக்கினால் அது அட்டவணையின் காலடியிலேயே ஒண்டிக்கொள்ளும்.

இப்போது மார்ஜின். திசையை மாற்றும்போது வேர்டு மார்ஜின்களையும் சேர்த்துத் திருப்பும். நான் அதை நம்பி விட்டுவிடுவதில்லை, நான்கு எண்களையும் கையாலேயே போடுகிறேன். கணக்கு இப்படி: தாளில் அட்டவணையின் தலை பைண்டிங் பக்கமாக, அதாவது இடது ஓரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் பைண்ட் செய்த அறிக்கையை வலச்சுற்றாக ஒரு கால் வட்டம் திருப்பினால் படிக்க முடியும். நூல் அச்சில் வழக்கமும் இதுவே. அட்டவணையின் இடது ஓரம் தாளின் அடியில் வரும். எனவே லேண்ட்ஸ்கேப் பக்கத்தின் மேல் ஓரம்தான் பைண்டிங் ஓரம். 38 மில்லிமீட்டர் அங்கே போக வேண்டும், மற்ற மூன்றிலும் 25. அந்த அகலத்தை இடப்பக்கமே விட்டுவைத்தால் தைத்த பிறகு அட்டவணையின் முதல் வரி, அதாவது நெடுவரிசைத் தலைப்புகள் இருக்கும் வரி, மடிப்புக்குள் புதைந்துவிடும். அதைப் படிக்க அறிக்கையைப் பிளந்துதான் பிடிக்க வேண்டும்.

பக்க எண்தான் இந்த வேலையில் அதிகப் பொறுமை கேட்பது. எல்லாப் பக்கத்திலும் எண் அடியில் நடுவில் இருக்கிறது. லேண்ட்ஸ்கேப் பக்கத்தில் ஃபுட்டரை அப்படியே விட்டால் எண் அந்தப் பக்கத்தின் நீள ஓரத்தின் அடியில் வரும். தாளில் பார்த்தால் அது வலது ஓரத்தில் படுத்திருக்கும். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே எண் தேடுபவருக்கு அந்த மூன்று பக்கங்களில் எண்ணே இல்லாததுபோல் தோன்றும். ஆய்வறிக்கைக்கான விதிகள் பலவற்றில், எண் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

இதற்கு முதலில் செக்ஷன்களின் ஃபுட்டர்களைப் பிரிக்க வேண்டும், அதிலும் வரிசை முக்கியம். ஒவ்வொரு செக்ஷனும் தனக்கு முந்தையதைப் பார்த்து நடக்கிறது. நடுச் செக்ஷனில் கை வைத்தால் மூன்றாவதும் கூடவே மாறும். ஆகவே முதலில் மூன்றாவது செக்ஷனின் ஃபுட்டரைத் திறந்து Link to Previous ஐ அணைத்துவிட வேண்டும். அப்புறம் நடுச் செக்ஷனுக்கு வந்து அங்கேயும் அணைக்க வேண்டும். அதன்பிறகு நடுவில் என்ன செய்தாலும் இரு பக்கமும் அசையாது. எண்கள் தொடர்ச்சியாக ஓட வேண்டுமென்றால் Format Page Numbers பெட்டியில் Continue from previous section தேர்வாகியிருக்கிறதா என்று நடுச் செக்ஷனிலும் மூன்றாவதிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்டரில் அத்தியாயத் தலைப்பு ஓடினால் அதற்கும் தனியாக இதே வேலை, ஏனென்றால் ஹெட்டரின் இணைப்பும் ஃபுட்டரின் இணைப்பும் வேறுவேறு.

இனி நடுச் செக்ஷனின் ஃபுட்டரில் இருக்கும் எண்ணை அழித்துவிட்டு, ஃபுட்டர் திறந்திருக்கும்போதே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வரையுங்கள். உள்ளே கர்சரை வைத்து Alt+Shift+P அழுத்தினால் பக்க எண் வந்து உட்காரும். Text Direction இல் Rotate all text 90° கொடுங்கள். திரையில் எண் வலப்பக்கமாகச் சாய்ந்து தெரியும். தாள் இடப்பக்கமாகத் திரும்பும்போது அது நிமிர்ந்துகொள்ளும். பெட்டியின் இடம்: தாளின் அடி ஓரம் என்பது லேண்ட்ஸ்கேப் பக்கத்தின் இடது ஓரம் என்று மேலே பார்த்தோமே, அங்கேதான். More Layout Options திறந்து, கிடைமட்டத்தில் Page இன் இடது ஓரத்திலிருந்து மற்றப் பக்கங்களில் ஃபுட்டர் அடி ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதே அளவு, பொதுவாக 12.7 மில்லிமீட்டர். செங்குத்தில் Centered கொடுத்து, அது எதைப் பொறுத்து என்ற இடத்தில் Margin தேர்ந்தெடுங்கள்.

இங்கே Page என்று கொடுக்கத்தான் கை போகும், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நேர்ப் பக்கங்களில் எண் தாளின் நடுவில் இல்லை, எழுத்துப் பரப்பின் நடுவில் இருக்கிறது. பைண்டிங் மார்ஜின் அகலமாக இருப்பதால் இரண்டும் ஒன்றல்ல. இடது ஓரத்திலிருந்து 38உம் 147இல் பாதியும் சேர்த்து 111.5 மில்லிமீட்டரில் எண் நிற்கிறது. தாளின் நடுவோ 105. Page கொடுத்தால் அந்த மூன்று தாள்களில் மட்டும் எண் ஆறரை மில்லிமீட்டர் விலகும். கட்டை விரலால் தாள்களை விரித்துப் பார்த்தால் அது பளிச்சென்று தெரியும். கடைசியாகப் பெட்டியின் கோட்டையும் நிறத்தையும் நீக்கிவிடுங்கள்.

வேர்டு வேலை இத்தோடு முடிந்தது. லிப்ரே ஆபீஸில் எழுதுபவர்களுக்கு ஒரு வரி: அங்கே செக்ஷனுக்குப் பதில் பக்க ஸ்டைல். மேனுவல் பிரேக் போடும்போதே லேண்ட்ஸ்கேப் என்ற ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து, முடியும் இடத்தில் மறுபடி பழைய ஸ்டைலுக்கு ஒரு பிரேக் போட வேண்டும். ஸ்டைலுக்கு ஸ்டைல் ஃபுட்டரும் தனி என்பதால் இணைப்பை அறுக்கும் வேலை குறைவு.

வேர்டிலிருந்தே நேராக பிரிண்ட் கொடுத்தால் எந்தப் பக்கம் திருப்புவது என்ற முடிவு டிரைவரிடம் போய்விடும். அதனால் பிடிஎஃப் ஆக்கி, திருப்பும் வேலையை நாமே முடித்துவிட வேண்டும். பிடிஎஃபில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று பக்கத்தின் அளவு. மற்றது Rotate என்ற எண்: 0, 90, 180, 270 இவற்றில் ஒன்று, பக்கத்தைக் காட்டும்போது வலச்சுற்றாக எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது. வேர்டு உருவாக்கும் பிடிஎஃபில் அகலப் பக்கம் உண்மையிலேயே அகலமாக இருக்கும், திருப்பம் சுழியமாக இருக்கும். pdfinfo என்ற சிறு கருவியிடம் கேட்டால் காட்டிவிடும்.

```
pdfinfo -f 31 -l 32 arikkai.pdf

Page   31 size: 595.32 x 841.92 pts (A4)
Page   31 rot:  0
Page   32 size: 841.92 x 595.32 pts (A4)
Page   32 rot:  0
```

24 ஆம் பக்கம் என்றுதானே சொன்னேன், இங்கே 32 எப்படி வந்தது? அறிக்கையின் முன்னால் நன்றியுரை, பொருளடக்கம் என்று ரோமன் எண்ணிட்ட எட்டுப் பக்கங்கள் இருக்கின்றன. கருவிகள் தாளில் அச்சான எண்ணைப் பார்ப்பதில்லை, முதல் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருகின்றன. ஆகவே நமக்கு வேண்டியவை 32 முதல் 34 வரை. அவற்றை மட்டும் இடச்சுற்றாகக் கால் வட்டம் திருப்ப qpdf என்ற கட்டளை வரிக் கருவியில் ஒரே வரி போதும்.

```
qpdf --rotate=-90:32-34 arikkai.pdf arikkai-achu.pdf
```

கழித்தல் குறியை விடாதீர்கள். குறி இருந்தால் இப்போதுள்ள நிலையிலிருந்து இவ்வளவு திருப்பு என்று பொருள். குறியே இல்லாமல் எண் மட்டும் கொடுத்தால் பழைய நிலையைப் பார்க்காமல் அந்த எண்ணை அப்படியே பொருத்திவிடும். மறுபடி pdfinfo போட்டுப் பார்த்தால் அளவு மாறியிருக்காது, rot மட்டும் 270 என்று மாறியிருக்கும். அதுதான் வேண்டும். இப்போது புதிய ஃபைலைத் திறந்தால் எல்லாப் பக்கமும் நெட்டுக்குத்தாக இருக்கும். மூன்று பக்கங்களில் அட்டவணை தலை இடப்பக்கமாகப் படுத்திருக்கும், பக்க எண் மட்டும் மற்றப் பக்கங்களைப் போலவே அடியில் நிமிர்ந்து நிற்கும். திரையில் படிக்க இது கழுத்து வலி. அச்சுக்கு இதுதான் சரி. அதனால்தான் எப்போதும் இரண்டு ஃபைல்களாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்: மின்னஞ்சலில் அனுப்ப முதல் ஃபைல், அச்சுக்கு இரண்டாவது.

கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் பிடிஎஃப் அரேஞ்சர் என்ற இலவச மென்பொருளில் சிறு படங்களைத் தேர்ந்தெடுத்து இடப்பக்கம் திருப்பிச் சேமிக்கலாம். மேக் கணினியில் பிரிவ்யூவிலும் இது முடியும். எதில் செய்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். பிடிஎஃப் படிக்கும் மென்பொருள்கள் பலவற்றில் Rotate View என்று ஒன்று இருக்கும். பிரவுசரில் திறந்தால் மேலே ஒரு சுழல் அம்பு தெரியும். அவை நம் பார்வையைத் திருப்புபவை, ஃபைலைத் தொடாதவை. வேண்டிய பக்கம் மட்டும் திரும்பாமல் எல்லாப் பக்கமும் சேர்ந்து திரும்புகிறதென்றால் அது பார்வைத் திருப்பம்தான். சந்தேகமாக இருந்தால் மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். பழைய நிலைக்கே போயிருந்தால் ஒன்றும் சேமிக்கப்படவில்லை.

பிரிண்ட் பெட்டியில் அளவு Actual size அல்லது 100% என்று இருக்கட்டும். திருப்பாத ஃபைலை, Portrait என்று கட்டாயப்படுத்தி அச்சிட்டால் என்ன ஆகும் தெரியுமா? 297 மில்லிமீட்டர் அகலப் பக்கத்தை 210க்குள் அடக்க அது ஏறக்குறைய 71 விழுக்காடாகச் சுருங்கும். தாளின் நடுவில் ஒரு குட்டி அட்டவணை, மேலும் கீழும் வெறுமை. ஸ்கேல் வைத்து அளந்தால் 247 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய அட்டவணை 175 இருக்கும். இந்த 175 என்ற எண்ணைக் கண்டால் காரணம் தேடி அலைய வேண்டாம், திசை அமைப்புதான். 247க்குச் சற்றே குறைவாக, 235, 240 என்று வந்தால் அது வேறு: Fit தேர்வாகியிருக்கிறது, அச்சு ஓரங்களுக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறது. அப்படியிருந்தால் எல்லாப் பக்கமும் அதே அளவு சுருங்கியிருக்கும்.

முழு அறிக்கையையும் அடிக்கும் முன் 31 முதல் 34 வரை மட்டும் அடித்துப் பாருங்கள். நேர்ப் பக்கம் ஒன்றும் திருப்பிய மூன்றும் சேர்ந்து வரும். நான்கையும் இடது ஓரம் ஒட்ட அடுக்கிப் பிடித்தால், எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றனவா, அட்டவணையின் தலை பைண்டிங் பக்கம் இருக்கிறதா என்று கையிலேயே தெரிந்துவிடும். அவளுடைய முதல் சோதனைத் தாளில் எண் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருந்தது. டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருக்கும் ஓர இடைவெளிதான் காரணம். Internal Margin ஐச் சுழியமாக்கியதும் சேர்ந்துகொண்டது.

இருபக்கமும் அச்சிடுவதாக இருந்தால் இன்னும் ஒன்று. ஆவணத்தில் நேரும் குறுக்கும் கலந்திருக்கும்போது Flip on long edge, Flip on short edge இரண்டில் எதைக் கொடுத்தாலும் எங்கோ ஓர் இடத்தில் பின்பக்கம் தலைகீழாகிவிடும் ஆபத்து உண்டு. எல்லாப் பக்கமும் நெட்டுக்குத்தாக இருக்கும் நம் அச்சு ஃபைலுக்கு அந்தக் குழப்பமே இல்லை, Flip on long edge போதும். ஆனால் பைண்டிங் ஓரம் பக்கத்துக்குப் பக்கம் மாறும். 24 ஆம் பக்கம் தாளின் பின்புறம், விரித்தால் இடப்பக்கம். அதன் பைண்டிங் ஓரம் வலது, அதாவது அட்டவணையின் அடி. 25இல் அது அட்டவணையின் தலை. வேர்டின் Mirror margins இடது வலதைத்தான் மாற்றும், மேல் கீழை மாற்றாது. எனவே இருபக்க அச்சுக்கு லேண்ட்ஸ்கேப் செக்ஷனில் மேலும் கீழும் 38 வைத்துவிடுவதுதான் எளிய வழி. அட்டவணைக்கு 147க்குப் பதில் 134 மில்லிமீட்டர் உயரம் கிடைக்கும், இரண்டு மூன்று வரிகள் குறையும். இடதுபக்கத் தாளில் அட்டவணையின் தலை வெளிப்புறம் போகிறதே, அதை மட்டும் மாற்றித் திருப்பலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் திருப்பியிருந்தால், விரித்த புத்தகத்தை ஒருமுறை வலச்சுற்றாகச் சுழற்றியதும் 24 மேலேயும் 25 கீழேயும் வந்து, அட்டவணை மடிப்பைத் தாண்டித் தொடர்ந்து ஓடும். மாற்றித் திருப்பினால் இரண்டுக்கும் இரண்டு முறை எதிரெதிர்த் திசையில் சுழற்ற வேண்டியிருக்கும்.

திருத்தம் வந்தால் வேர்டு ஃபைலில்தான் திருத்த வேண்டும், அச்சு ஃபைலை மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். அப்போது முன்னே ஒரு பத்தி கூடினாலும் அட்டவணை 33க்கு நகர்ந்திருக்கலாம். பழைய கட்டளையை அப்படியே ஓட்டினால் 32 ஆம் பக்கத்து உரை படுத்துக்கொள்ளும், அட்டவணையின் கடைசிப் பக்கம் திரும்பாமல் நிற்கும். pdfinfo ஐ மறுபடி ஓட்டி, 841 முதலில் வரும் பக்கங்கள் எவை என்று பார்த்துவிட்டு எண்ணை மாற்றுங்கள். ஃபைலில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதாக இருந்தால் அதைத் திரைக்கான ஃபைலில் இடுங்கள். கையொப்பமிட்ட பிறகு பக்கத்தைத் திருப்பினால் அந்தக் கையொப்பம் செல்லாமல் போய்விடும்.